கிளை பிரியும் பயிற்சி வீடியோ: ஸ்கிரிப்ட் 364 கிளிப் வரை போகிறது, எங்கே வெட்டுவது?

ஜூன் 3, காலை 9.50 | அம்பத்தூர் எஸ்டேட்

வீட்டு உபயோகப் பொருள் சர்வீஸ் கம்பெனி ஒன்றின் கால் சென்டரில், பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு வீடியோ வேண்டும் என்கிறார்கள். வாடிக்கையாளர் பேசுவார், வீடியோ நிற்கும், திரையில் மூன்று பதில் வரும். பார்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உரையாடல் அதன்படி தொடரும்.

ஐந்து இடத்தில் தேர்வு, ஒவ்வொன்றிலும் மூன்று பதில் என்று திட்டம் போட்டேன். வீடியோ எடுப்பவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 3, 9, 27, 81, 243, தொடக்கத்தோடு சேர்த்து 364 கிளிப். ஒரு நாள் ஷூட்டிங்குக்குத்தான் பணம் இருக்கிறது. தேர்வுகளைக் குறைத்தால் கதை செத்துப்போகிறது. எங்கே வெட்டுவது?

ஜூன் 3, காலை 11.15 | குரல்வழி

மூன்று நிலைக்கு மேல் போகவே கூடாது. முதலில் மொழித் தேர்வு, அப்புறம் புகாரா விசாரணையா, அப்புறம் பொருள். எந்த நிலையிலும் 9-ஐ அழுத்தினால் ஏஜென்ட்டிடம் போக வேண்டும். நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

ஜூன் 3, பகல் 12.05 | அடையாறு ஸ்கிரிப்ட்

குரல்வழி சொல்வது வாடிக்கையாளர் போனில் எண்ணை அழுத்தும் மெனு. இங்கே தேர்ந்தெடுப்பவர் ஏஜென்ட். மெனுவில் தவறான எண்ணை அழுத்தினால் திரும்பி வந்துவிடலாம். பேச்சில் சொன்னது சொன்னதுதான்.

அம்பத்தூர், கிளைகள் பிரிந்துகொண்டே போவதுதான் உங்கள் பிரச்சினை. பிரிந்தது திரும்பச் சேர வேண்டும். மூன்று பதிலுக்கு மூன்று எதிர்வினை எடுங்கள். அந்த மூன்றும் முடிந்ததும் எல்லாரும் ஒரே அடுத்த கேள்விக்கு வரட்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தேர்வுக்கும் மூன்று எதிர்வினையும் ஒரு சேரும் கிளிப்பும் போதும். ஐந்து தேர்வுக்கும் சேர்த்து இருபது சொச்சத்தில் முடிந்துவிடும்.

முதல் தேர்வை மட்டும் இங்கே எழுதுங்கள். வாடிக்கையாளர் பேச்சு, மூன்று பதில். அதைப் பார்த்தால்தான் மேலே சொல்ல முடியும்.

ஜூன் 3, மாலை 6.30 | அம்பத்தூர் எஸ்டேட்

வாடிக்கையாளர் வேளச்சேரியில் இருக்கும் ஒரு அம்மா. ஃபிரிட்ஜ் ஓடவில்லை. டெக்னீஷியன் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார்.

"நேத்து முழுக்க லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆள் வரலை. ஆனா 'வீடு பூட்டியிருந்தது'ன்னு மெசேஜ் வருது, கம்ப்ளெயின்ட்டை மூடிட்டீங்க!"

அ. "மேடம், உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறேன். நான் இப்பவே பார்த்து உங்களுக்கு உதவி பண்றேன்."
ஆ. "மேடம், கொஞ்சம் பொறுமையா பேசுங்க."
இ. "அது டெக்னீஷியன் தப்பு, என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

ஜூன் 3, இரவு 9.10 | அடையாறு ஸ்கிரிப்ட்

இதில் தேர்வே இல்லை. வாடிக்கையாளர் பேச்சை மூடிவிட்டு மூன்று பதிலையும் யாரிடமாவது காட்டுங்கள். கால் சென்டர் வாசலையே மிதிக்காதவர்கூட "அ" என்பார். வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று கேட்காமலே சரியான பதிலைக் கண்டுபிடிக்க முடிந்தால், அந்தத் தேர்வைத் தூக்கிப் போட்டுவிடலாம். எழுதி முடித்ததும் நான் முதலில் செய்யும் சோதனை இதுதான்.

மூன்று பதிலும் மரியாதையாக இருக்கட்டும். நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், ஏனென்றால் நாம் எழுதும்போது சரியான பதில் தானாகவே நீண்டுவிடுகிறது, பார்ப்பவர்கள் அதை ரொம்பச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். பதில்களுக்குள் இருக்க வேண்டிய வித்தியாசம் வேறு. ஏஜென்ட் எதைத் தெரிந்துகொள்கிறார், எதை வாக்குக் கொடுக்கிறார் என்பதில்தான் அது இருக்க வேண்டும்.

தவறான பதில்களை உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். பதிவான அழைப்புகளைக் கேளுங்கள். நல்ல ஏஜென்ட் ஒருவர், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வரிசையில் பதினைந்து அழைப்பு காத்திருக்கும்போது என்ன சொல்கிறாரோ அதுதான் உங்களுக்கு வேண்டிய தவறு. "என்கிட்ட ஏன் கேக்கறீங்க" என்று எந்த நல்ல ஏஜென்ட்டும் சொல்லப் போவதில்லை. அதைத் தேர்ந்தெடுக்காமல் விடுவதால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

ஒரு கேள்வி. அந்த டெக்னீஷியன் உண்மையில் ஏன் வரவில்லை? உங்கள் கதையில் அதற்கு விடை இருக்கிறதா?

ஜூன் 4, காலை 8.20 | அம்பத்தூர் எஸ்டேட்

யோசிக்கவில்லை. எங்கள் இடத்தில் அடிக்கடி நடப்பது, வாடிக்கையாளர் நம்பர் மாறியிருக்கும். டெக்னீஷியன் தெருமுனையில் நின்று கூப்பிடுவார், ஸ்விட்ச் ஆஃப் என்று வரும், "வீடு பூட்டியிருக்கிறது" என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஜூன் 4, காலை 8.55 | அடையாறு ஸ்கிரிப்ட்

இதுதான் உங்கள் கதை. இதைக் கண்டுபிடிக்கும் ஏஜென்ட்டுக்கும் கண்டுபிடிக்காத ஏஜென்ட்டுக்கும் நடுவில்தான் கிளை பிரிய வேண்டும். மூன்று பதிலையும் இப்படி மாற்றிப் பாருங்கள்:

அ. "சாரி மேடம், புகாரை மூடியிருக்கக் கூடாது. உடனே மறுபடி பதிவு பண்றேன்."
ஆ. "மேடம், பதிவுல டெக்னீஷியன் 11.40-க்கு வந்ததா இருக்கு. அந்த நேரம் வீட்ல இருந்தீங்களா?"
இ. "நீங்க வீட்ல இருந்தும் பூட்டுன்னு போட்டிருக்காங்க. நேத்து உங்களுக்கு யாராவது போன் பண்ணாங்களா?"

"அ" சொன்னால் அந்த அம்மா உடனே கொஞ்சம் இறங்குவார். "ஆ" சொன்னால் வெடிப்பார், ஏனென்றால் கேள்வி அவரைச் சந்தேகப்படுகிறது. "இ" சொன்னால் கோபம் குறையாது, ஆனால் "ஒரு போனும் வரலையே, எந்த நம்பருக்குப் பண்ணாங்க?" என்பார். பதிவில் இருப்பது வீட்டுக்காரரின் பழைய நம்பர் என்று தெரிய வரும்.

கேட்பதற்கு இதமாக இருப்பது "அ". கடைசியில் டெக்னீஷியன் மறுபடியும் அதே செத்த நம்பருக்குக் கூப்பிட்டு, மறுபடியும் பூட்டு என்று போடுவதும் "அ"-வால்தான். பார்ப்பவர் அந்த முடிவு வரைக்கும் போய், தானே தேடிக்கொண்ட விளைவைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, காலை 10.40 | ஓ.எம்.ஆர் டீம் லீட்

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தவறான பதிலை அழுத்திய அடுத்த நொடியே சிவப்புக் கட்டம் வர வேண்டும், ஏன் தவறு என்று சொல்ல வேண்டும். கடைசி வரை விட்டுவிட்டால் புதுப் பையன் அந்தத் தவறான வாக்கியத்தையே மனதில் வைத்துக்கொண்டு போய் நேரடி அழைப்பில் சொல்வான். எங்கள் தளத்தில் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 4, பகல் 1.30 | அடையாறு ஸ்கிரிப்ட்

டீம் லீட் சொல்வது ஒரு வகைத் தவறுக்குச் சரி. வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்யாமல் முகவரியைப் படித்துக் காட்டுவது, ஓ.டி.பி. கேட்பது, இதிலெல்லாம் விளைவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அங்கேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். அவை விதிகள், அவற்றில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் நம் கதையில் இருப்பது விதி இல்லை. "அ" பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அதன் பக்கத்தில் சிவப்புக் கட்டம் போட்டால், மன்னிப்புக் கேட்பது தவறு என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் நடக்கும். இரண்டு முறை சிவப்பு வந்தால் அவர்கள் வாடிக்கையாளர் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டு, எழுதியவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க ஆரம்பிப்பார்கள்.

தவறான வாக்கியம் மனதில் தங்கிவிடும் என்ற பயத்துக்கு நான் செய்வது, முடிவு வந்ததும் அவர் போன பாதையை மூன்று நான்கு வரியில் காட்டி, எந்த இடத்தில் நம்பர் கேட்க வாய்ப்பு இருந்தது என்று சொல்லிவிடுவது. அங்கிருந்தே அந்தத் தேர்வுக்குத் திரும்பப் போக ஒரு பட்டனும் வேண்டும். முதலிலிருந்து பார்க்கச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை.

ஜூன் 4, பகல் 2.05 | ஓ.எம்.ஆர் டீம் லீட்

விதி வேறு, யோசனை வேறு என்று பிரிப்பதை ஏற்கிறேன். ஆனால் மதிப்பெண் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அது இல்லாமல் விடுவதை ஏற்க மாட்டேன். மதிப்பெண் இல்லை என்றால் என் ஆட்கள் முடித்தார்களா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

ஜூன் 4, மாலை 5.45 | கோடம்பாக்கம் கேமரா

பயிற்சிப் படம் நிறைய எடுத்திருக்கிறேன், அதனால் ஒரு கேள்வி. கிளைகள் சேரும் என்கிறீர்கள் மேடம். "ஆ" கேட்டு அந்த அம்மா கத்தியிருக்கிறார். "அ" கேட்டவருக்கு இறங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் அடுத்து அதே கிளிப் என்றால் ஒட்டுமா? கத்திய அடுத்த நொடி சாந்தமாகப் பேசினால் எடிட்டிங் தப்பு மாதிரித் தெரியும்.

ஜூன் 4, இரவு 8.30 | அடையாறு ஸ்கிரிப்ட்

ஒட்டாது. சேரும் கிளிப்களில் பெரும்பாலும் கெடுவது இதுதான். அர்த்தம் பொருந்தும், சூடு பொருந்தாது.

ஒரு வழி, சேரும் கிளிப்பை இரண்டு முறை எடுப்பது. வசனம் அதேதான், ஒன்று கோபம் மிச்சமிருக்க, இன்னொன்று ஆறிப்போய். முழுக் கிளிப்பையும் இரண்டாக எடுக்கக்கூடத் தேவையில்லை, முதல் வரியை மட்டும் இரண்டு விதமாக எடுத்து மீதியை ஒட்டலாம். மூன்று நான்கு சூட்டில் எடுக்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், நடிப்பவருக்கே குழம்பிவிடும்.

ஷூட்டிங்கைக் கதை வரிசையில் நடத்த வேண்டாம். கோபக் கிளிப் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வேளையில், ஆறிய கிளிப் எல்லாவற்றையும் இன்னொரு வேளையில் எடுங்கள். கத்தி முடித்த தொண்டையில் சாந்தமாகப் பேசினாலும் கரகரப்பு கேட்கும், அதனால் ஆறியதை முதலில்.

ஜூன் 5, காலை 7.40 | அடையாறு ஸ்கிரிப்ட்

நேற்று எழுதியதை மறுபடி யோசித்தேன். இந்தக் கதைக்கு இரண்டு சூடு தேவைப்படாது. சேரும் இடத்தில் ஒரு புதுச் செய்தி வந்து விழட்டும், அந்த அம்மாவின் மனநிலையே மாறிவிடட்டும்.

பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது. அவர் திரும்பி "இருங்கப்பா" என்கிறார். அப்புறம் போனில்: "எங்க அப்பாவோட இன்சுலின் அந்த ஃபிரிட்ஜுலதான் இருக்கு. பிரிக்காத பாட்டில். நேத்தே பக்கத்து வீட்ல குடுத்து வச்சேன், அவங்க இன்னைக்கு ஊருக்குப் போறாங்க. இன்னைக்கு ஆள் வருவாரா மாட்டாரா, அத மட்டும் சொல்லுங்க."

கத்திக்கொண்டிருந்தவருக்கும் இப்போது கவலை, இறங்கியிருந்தவருக்கும் கவலை. "இருங்கப்பா" என்று திரும்பும் அந்த இரண்டு நொடி, முந்தைய கிளிப்பிலிருந்து வரும் கோபத்தை விழுங்கிவிடும். ஒரே கிளிப் எல்லாப் பாதைக்கும் போதும். இரண்டாவது தேர்வுக்கான அழுத்தமும் இதிலேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் இன்சுலின் என்று கேட்டவுடன் எந்த ஏஜென்ட்டுக்கும் "இன்னைக்கே வருவார்" என்று சொல்லத் தோன்றும். திரையிலோ அடுத்த காலி நேரம் நாளைக் காலை 10 மணி.

இரண்டாவது தேர்வு:

அ. "கண்டிப்பா மேடம், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பி வைக்கிறேன்."
ஆ. "இன்னைக்கு நேரம் இல்ல மேடம். நாளைக்கு காலைல 10 மணி, முதல் வீடு உங்களுது. இன்னைக்கு மருந்தை வைக்க வேற இடம் இருக்கா?"
இ. "மேடம், இத சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன், அவங்க உங்களைக் கூப்பிடுவாங்க."

"அ"-வுக்கு அந்த அம்மா நன்றி சொல்வார். முழு வீடியோவிலும் நன்றி வரும் ஒரே இடம் அதுவாக இருக்கட்டும். "ஆ" சொன்னால் பெருமூச்சு விட்டுவிட்டு, கீழ்வீட்டில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்வார். "இ" சொன்னால் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பார், அதற்கு ஏஜென்ட்டிடம் பதில் இருக்காது.

ஜூன் 5, காலை 11.00 | தி.நகர் ஜவுளி

எங்கள் கடைக்கும் இது தேவைப்படுகிறது, ஆனால் எங்கள் நிலைமை வேறு. ஆடித் தள்ளுபடிக்கு முன் புது ஆட்கள் நிறையப் பேர் சேருவார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. கடை திறக்கும் முன் ஒரு டி.வி. முன்னால் நாற்பது பேர் உட்காருவார்கள், அரை மணி நேரம்தான் கிடைக்கும். பட்டுப்புடவையைக் கறையோடு திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் கதை. யூடியூபில் ஒவ்வொரு கிளிப்பையும் ஏற்றி, கடைசியில் வரும் கட்டங்களில் அடுத்த கிளிப்புக்கு இணைப்பு கொடுத்தால் வேலை முடிந்ததா?

ஜூன் 5, பகல் 12.20 | அடையாறு ஸ்கிரிப்ட்

யூடியூபின் இறுதித் திரை, வீடியோ 25 நொடியாவது இருந்தால்தான் வரும். நம் கிளிப் பல 10 நொடி, 15 நொடி. இழுத்து நீட்டினால் பேச்சின் வேகம் போய்விடும். முன்பு வீடியோ மேலேயே கட்டம் ஒட்டும் வசதி ஒன்று இருந்தது, பலர் அதை வைத்துத்தான் இந்த மாதிரிக் கதைகள் செய்தார்கள். 2019 ஜனவரியோடு பழைய கட்டங்களும் மறைந்துபோய், அந்தக் கதைகள் பாதியில் நிற்கின்றன.

உங்களுக்கு இணையமே தேவையில்லை. கிளிப்களுக்கு 1, 1அ, 1ஆ, 1இ என்று பெயர் வைத்து ஒரு பென் டிரைவில் போடுங்கள். நடத்துபவர் கேட்டு, கை தூக்கச் சொல்லி, அந்தக் கிளிப்பை ஓட விடட்டும். பதில்களைத் திரையில் எழுத்தாகக் காட்டுவதோடு அவரே சத்தமாகப் படிக்கவும் வேண்டும், எல்லாரும் ஒரே வேகத்தில் படிக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் ஒரு சிக்கல் வரும். சீனியர் எதற்குக் கை தூக்குகிறாரோ அதற்கே எல்லாரும் தூக்குவார்கள். அதனால் குறைவான கை எழுந்த பதிலை முதலில் ஓட்டச் சொல்வேன். அதைத் தேர்ந்தெடுத்தவரிடம் ஏன் என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். கிளிப் ஓடிய பிறகு கேட்டால் அவர் காரணத்தை மாற்றிவிடுவார்.

ஜூன் 5, பகல் 12.50 | தி.நகர் ஜவுளி

சீனியர் விஷயம் நூற்றுக்கு நூறு. சீனியரை அந்த நேரம் டீ வாங்க அனுப்பிவிடுகிறேன்.

ஜூன் 5, மாலை 4.15 | அம்பத்தூர் எஸ்டேட்

எழுதிப் பார்த்தேன். ஐந்து தேர்வை மூன்றாகக் குறைத்துவிட்டேன். மூன்றாவது தேர்வில் இரண்டே பதில்: மூடிய புகாரையே திறப்பது, அல்லது புதுப் புகார் எண் கொடுப்பது. பழையதைத் திறந்தால் மூன்று அழைப்பின் வரலாறும் அதில் இருக்கும், ஆனால் டீம் லீட் அனுமதி வேண்டும். புது எண் கொடுத்தால் சுலபம், நாள் கணக்கும் புதிதாக ஆரம்பிக்கும்.

முடிவுகள் மூன்று. நம்பர் மாற்றவில்லை என்றால் மறுபடி பூட்டு. நம்பர் மாற்றி, இன்றே வருவார் என்று சொல்லியிருந்தால், இரவு 8 மணிக்கு நான்காவது அழைப்பு. இரண்டும் சரி என்றால் நாளைக் காலை டெக்னீஷியன் புது நம்பருக்குக் கூப்பிடுகிறார்.

ஆனால் கிளைகள் சேர்ந்துவிட்டால், முதல் தேர்வில் என்ன செய்தார் என்று முடிவுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 5, இரவு 9.00 | அடையாறு ஸ்கிரிப்ட்

கிளிப் கணக்கு: தொடக்கம் 1, எதிர்வினை 3, இன்சுலின் 1, எதிர்வினை 3, மூன்றாவது தேர்வுக்கான கிளிப் 1, எதிர்வினை 2, முடிவு 3. மொத்தம் 14. போகக்கூடிய பாதைகள் 18. ஒருவர் ஒரு முறையில் பார்ப்பது ஏழே கிளிப், ஏறக்குறைய இரண்டரை நிமிடம். ஒரு நாள் ஷூட்டிங்குக்கு இது தாராளம்.

முடிவுக்கு ஞாபகம் வேண்டும் என்பது சரியான கேள்வி. ஸ்கிரிப்ட்டை வேர்டில் எழுதாமல், கிளைக் கதை எழுதுவதற்கென்றே இருக்கும் ட்வைன் மென்பொருளில் எழுதுங்கள், இலவசம்தான். இரண்டே இரண்டு குறிப்பு வைத்துக்கொண்டால் போதும்: நம்பர் தெரிந்ததா என்பதற்கு `$en`, பொய் வாக்கு கொடுத்தாரா என்பதற்கு `$poi`. இரண்டையும் தொடக்கத்தில் `false` என்று வைத்து, அந்தந்தப் பதிலில் `true` ஆக்குங்கள். கடைசியில் ட்வைனின் ஹார்லோ வடிவத்தில் இப்படி:

```
(if: $en is false)[(go-to: "mudivu-poottu")]
(else-if: $poi is true)[(go-to: "mudivu-8mani")]
(else:)[(go-to: "mudivu-sari")]
```

வரிசை முக்கியம். நம்பர் மாறவில்லை என்றால் வாக்கு உண்மையோ பொய்யோ, டெக்னீஷியனால் அவரைப் பிடிக்க முடியாது. அதனால் அதை முதலில் சோதிக்க வேண்டும்.

பயிற்சித் தளத்தில் ஏற்ற, ஊடாடும் பாடங்கள் செய்யும் H5P கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் கவனியுங்கள். அதன் கிளைக் காட்சி வகையில் இப்படிக் குறிப்பு வைத்துக்கொள்ள வழியில்லை. பாதையையே பிரித்து வைக்க வேண்டும். நம்பர் தெரியாத தடம் ஒன்று, தெரிந்தும் பொய் சொன்ன தடம் ஒன்று, தெரிந்து உண்மை சொன்ன தடம் ஒன்று. அதே வீடியோ கோப்பை மூன்று தடத்திலும் போடலாம், எனவே ஷூட்டிங் வேலை அதிகமாகாது. இணைக்கும் வேலைதான் கூடும்.

ஜூன் 6, காலை 9.30 | கோடம்பாக்கம் கேமரா

இன்னொரு சந்தேகம் மேடம். இவர்கள் போன் ஏஜென்ட்டுகள். நான் அந்த அம்மாவின் முகத்தைக் காட்டினால், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள். வேலையில் முகம் கிடைக்காதே?

ஜூன் 6, காலை 10.10 | அடையாறு ஸ்கிரிப்ட்

நல்ல கேள்வி, இதற்கு எனக்கு உறுதியான விடை இல்லை. தி.நகர் கடைக்கு முகம் கட்டாயம் வேண்டும். போன் வேலைக்கு நான் சாய்வது இந்தப் பக்கம்: உரையாடல் நடக்கும்போது படத்தில் ஏஜென்ட்டின் கம்ப்யூட்டர் திரை இருக்கட்டும். புகார் வரலாறு, பதிவான நம்பர், "11.40 வீடு பூட்டு" என்ற வரி, நாளைக் காலைக் காலி நேரம். காதில் அந்த அம்மாவின் குரல். நம்பர் கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பார்த்துக் கேள்வி கேட்பாரா என்பதுதான் சோதனை. முடிவுக் கிளிப்பில் மட்டும் வீட்டையும் முகத்தையும் காட்டலாம். பணமும் மிச்சம்.

குரல் மட்டும் என்றால் ஒரு வேலை கூடும். பார்ப்பவர் யோசிக்கும்போது ஒலி சுத்தமாக நின்றுபோகக் கூடாது. அந்த வீட்டில் யாரும் பேசாமல், ஃபேன் சத்தமும் தெருச் சத்தமுமாக அரை நிமிடம் பதிவு செய்து, தேர்வு நேரத்தில் அதைச் சுழல விடுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கு முன்னும் பின்னும் அரை நொடி அதே சத்தம் இருந்தால் வெட்டு தெரியாது.

ஜூன் 6, காலை 10.25 | ஓ.எம்.ஆர் டீம் லீட்

தேர்வுக்கு நேரக் கட்டுப்பாடு வையுங்கள். நிஜ அழைப்பில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பத்து நொடி, இல்லாவிட்டால் தோல்வி.

ஜூன் 6, காலை 11.40 | அடையாறு ஸ்கிரிப்ட்

பத்து நொடியில் தோல்வி என்றால் நீங்கள் அளப்பது படிக்கும் வேகத்தை. மூன்று நீளமான பதிலைப் படித்து ஒப்பிடவே அந்த நேரம் போய்விடும். காத்திருக்கும் அழுத்தம் வேண்டும் என்பது சரி. அதற்கு அந்த அம்மாவே பேசட்டும். இருபது நொடி கழித்து "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று ஒரு தனி ஒலி. அவ்வளவுதான், தேர்வு அப்படியே நிற்கும்.

அம்பத்தூர், ஷூட்டிங்குக்கு முன் காகிதத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒருவர் அந்த அம்மாவாகப் படிக்கட்டும், உங்கள் ஏஜென்ட்டுகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தேர்விலாவது எல்லாரும் ஒரே பதிலை எடுத்தால் அங்கே ஏதோ சரியில்லை.

ஜூன் 9, இரவு 7.50 | அம்பத்தூர் எஸ்டேட்

ஓட்டிப் பார்த்தோம். முதல் தேர்வில் நன்றாகப் பிரிந்தார்கள், பழைய ஆட்கள்கூட "அ" எடுத்தார்கள். இரண்டாவதில் இன்சுலின் என்றதும் பாதிப்பேருக்கு மேல் இன்றே அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு பெண் முடிவைக் கேட்டுவிட்டு, "போன வாரம் நான் இதையேதான் சொன்னேன், அந்தக் கஸ்டமர் என்ன ஆனாங்களோ" என்றார்.

மூன்றாவதில் அத்தனை பேரும் புதுப் புகார் எண். ஒருவர்கூட பழையதைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்களை அப்படித்தான் செய்யச் சொல்றாங்க. பழசைத் திறந்தா டீம் லீட் கிட்ட திட்டு" என்றார்கள். இந்தப் பதிலை இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கிற மாதிரி மாற்றி எழுதட்டுமா?

ஜூன் 9, இரவு 9.05 | அடையாறு ஸ்கிரிப்ட்

மாற்றாதீர்கள். அவர்களுக்குத் தெரியாததால் அப்படி எடுக்கவில்லை, தளத்தின் நடைமுறை அப்படி இருப்பதால் எடுத்தார்கள். வீடியோ ஒன்று சொல்லி, டீம் லீட் இன்னொன்று சொன்னால், அவர்கள் டீம் லீட் சொல்வதைத்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மீதி வீடியோவின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

இதை ஸ்கிரிப்ட்டில் தீர்க்க முடியாது. ஆபரேஷன்ஸ் தலைவரிடம் கேளுங்கள்: மூடிய புகாரை ஏஜென்ட் திறக்கலாமா கூடாதா? எழுத்தில் பதில் வரும் வரை அந்தத் தேர்வை எடுக்க வேண்டாம். அதை நீக்கிவிட்டால் மூன்று கிளிப் குறைந்து 11 ஆகிறது. கதை உடையாது, ஏனென்றால் மூன்று முடிவும் முதல் இரண்டு தேர்வை மட்டுமே நம்பியிருக்கிறது.

ஜூன் 9, இரவு 9.40 | ஓ.எம்.ஆர் டீம் லீட்

டீம் லீட் பக்கத்தையும் சொல்கிறேன். பழைய புகாரைத் திறந்தால் நாள் கணக்கு முதல் தேதியிலிருந்து ஓடும், என் குழுவின் அறிக்கையில் அது சிவப்பாக நிற்கும். தவறு டெக்னீஷியனுடையது, கேள்வி என்னிடம் வரும். அந்தக் கணக்கை மாற்றாமல் ஏஜென்ட்டுக்கு என்ன பயிற்சி கொடுத்தாலும் பலன் இல்லை.

ஜூன் 10, காலை 8.15 | அடையாறு ஸ்கிரிப்ட்

இதை அப்படியே ஆபரேஷன்ஸ் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள், அம்பத்தூர். நான் எழுதியதைவிட இது அவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

ஷூட்டிங்குக்கு ஒன்று மட்டும் மீதி. நாளைக்கு மாறக்கூடிய எதையும் அந்த அம்மாவின் வாயில் வைக்காதீர்கள். வாரன்ட்டி மாதம், சர்வீஸ் கட்டணம், உதவி எண் எல்லாம் திரையில் எழுத்தாக இருந்தால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். குரலில் இருந்தால் அதே நடிகை, அதே அறை, அதே ஃபேன் சத்தம் எல்லாம் மறுபடி வேண்டும்.

ஜூன் 10, காலை 9.20 | அம்பத்தூர் எஸ்டேட்

கூட்டம் திங்கட்கிழமை. 11 கிளிப்பை மட்டும் சனிக்கிழமை எடுக்கிறோம். மூன்றாவது தேர்வுக்கான அந்த அம்மாவின் வசனத்தை மட்டும் அன்றே குரலில் பதிவு செய்து தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அனுமதி வந்தால் சேர்க்கலாம். மதிப்பெண் வேண்டுமா என்று எங்கள் மேலாளரும் டீம் லீட் மாதிரியே கேட்கிறார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 10, காலை 9.45 | அடையாறு ஸ்கிரிப்ட்

குரல் பதிவு செய்யும்போது எதிர்வினை இரண்டையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். கேள்வி மட்டும் இருந்தால் பின்னால் சேர்க்க முடியாது. மதிப்பெண்ணுக்குப் பதிலாக எந்த முடிவுக்கு வந்தார், எத்தனை முறை திரும்பிப் போய்ப் பார்த்தார் என்ற இரண்டை மட்டும் மேலாளருக்குக் காட்டிப் பாருங்கள். ஒத்துக்கொள்கிறாரா என்று சொல்லுங்கள்.